ஒரு மெய், ஏழு கோலம்: கீஸ் எழுத்து அட்டவணையைப் படிக்கும் விதம்

எத்தியோப்பியாவில் எழுத்துக்கு ‘ஃபிதல்’ என்று பெயர். குழந்தைகள் எழுதப் பழகும்போது முதலில் அவர்கள் முன் வைக்கப்படுவது ‘ஃபிதல் கபத்தா’, அதாவது எழுத்துப் பலகை. அதில் மேலிருந்து கீழாக மெய்யெழுத்துகள் நிற்கும். ஒவ்வொரு மெய்யும் இடமிருந்து வலமாக ஏழு உயிர்களோடு சேர்ந்து ஏழு வடிவங்களாக விரியும். கீஸ் மொழிக்கு உரிய மெய்கள் 26. ஆக 26 வரி, ஏழு பத்தி, மொத்தம் 182 கட்டங்கள்.

கீஸ் இன்று யாருடைய வீட்டுமொழியும் அல்ல. எத்தியோப்பிய, எரித்திரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் வழிபாட்டில்தான் அது ஒலிக்கிறது. ஆனால் அதன் எழுத்து மட்டும் தேவாலயத்தோடு நின்றுவிடவில்லை. அம்ஹாரிக், திக்ரின்யா, திக்ரே ஆகிய மொழிகள் அதே எழுத்தை எடுத்துக்கொண்டு, தங்களுக்குத் தேவையான சில மெய்களைக் கூட்டிக்கொண்டன. அம்ஹாரிக் பலகையில் வழக்கமாக 33 வரிகள் இருக்கும்.

புதிதாகக் கற்பவர் இந்தப் பலகையைப் பார்த்ததும் 182 படங்களையும் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தொடங்குவார். வரி வரியாகப் போனால் அப்படித்தான் தோன்றும். பத்தி பத்தியாக மேலிருந்து கீழே பார்த்தால் பலகை வேறு மாதிரி தெரியும். முதல் பத்தியிலுள்ள 26 வடிவங்களை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். மற்ற ஆறு பத்திகளும் அந்த வடிவங்களுக்குச் செய்யப்படும் மாற்றங்கள். அவற்றில் மூன்று பத்திகளில் மாற்றம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். இரண்டு பத்திகளில் எழுத்தின் ‘கால்’ எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஒரே ஒரு பத்திதான் விதிக்கு அடங்காது.

உயிர்கள் வந்து சேர்ந்த கதை

இந்த எழுத்து தொடக்கத்தில் மெய்களை மட்டுமே எழுதியது. செங்கடலுக்கு அக்கரையில், தென் அரேபியாவில் வழங்கிய எழுத்திலிருந்து பிறந்தது அது. அரபு, ஹீப்ரு எழுத்துகளைப் போலவே அங்கும் உயிரைப் படிப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அக்சும் நாட்டை ஆண்ட எசானா மன்னரின் கல்வெட்டுகளில் மாற்றம் கண்கூடாகத் தெரிகிறது. அக்சும் நகரில் நிற்கும் அவருடைய புகழ்பெற்ற கல்வெட்டில் ஒரே செய்தி கிரேக்கத்திலும், தென் அரேபிய எழுத்திலும், உயிர்க்குறி இல்லாத கீஸ் எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. அவருடைய பிற்காலக் கல்வெட்டுகளில் உயிர்க்குறிகள் வந்துவிட்டன. ஒரே மன்னரின் ஆட்சிக்குள் எழுத்துமுறை மெய்யிலிருந்து உயிர்மெய்க்குத் தாவிவிட்டது. அந்த யோசனை செங்கடல் வாணிகம் வழியாக இந்தியாவின் பிராமி வகை எழுத்துகளிலிருந்து போனதா, அக்சுமிலேயே முளைத்ததா என்பது அறிஞர்களிடையே இன்றும் விவாதம்.

எப்படி வந்திருந்தாலும், அமைப்பு தமிழருக்குப் பழகியதுதான். குறி ஏதும் இல்லாத மூல வடிவம் ‘அ’ சேர்ந்த மெய்யைக் குறிக்கும். மற்ற உயிர்களுக்கு அந்த வடிவத்தின் மேல் மாற்றம் செய்ய வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘கே’ என்றால் கொம்பு தனியாக முன்னால் நிற்கும், ‘கா’ என்றால் கால் தனியாகப் பின்னால் நிற்கும். கீஸில் அப்படித் தனியாக நிற்கும் குறியே கிடையாது. எல்லா மாற்றமும் எழுத்தின் உடம்பிலேயே நடக்கும்.

ஏழு பத்திகளும் அவற்றின் ஒலிகளும்

ஒவ்வொரு பத்திக்கும் மரபான பெயர் உண்டு. முதல் பத்திக்கு மொழியின் பெயரேதான்: கீஸ். அடுத்தவை எண்ணுப்பெயர்கள்: காயிப், சாலிஸ், ராபி, ஹாமிஸ், சாதிஸ், சாபி. அரபு தெரிந்தவர்களுக்கு மூன்றாவதிலிருந்து ஏழாவது வரையுள்ள பெயர்கள் உடனே பிடிபடும். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். மூன்று மெய்களை எடுத்துக்கொண்டு ஏழு பத்திகளிலும் வரிசைப்படுத்தினால் இப்படி இருக்கும்:

| பத்தி | பெயர் | உயிர் | ல | ப | க |
|---|---|---|---|---|---|
| 1 | கீஸ் | அ | ለ | በ | ከ |
| 2 | காயிப் | ஊ | ሉ | ቡ | ኩ |
| 3 | சாலிஸ் | ஈ | ሊ | ቢ | ኪ |
| 4 | ராபி | ஆ | ላ | ባ | ካ |
| 5 | ஹாமிஸ் | ஏ | ሌ | ቤ | ኬ |
| 6 | சாதிஸ் | குறுகிய உ, அல்லது உயிரே இல்லை | ል | ብ | ክ |
| 7 | சாபி | ஓ | ሎ | ቦ | ኮ |

ஒலிகளைப் பற்றி மூன்று குறிப்புகள் போதும். முதல் பத்தியின் ‘அ’ குறில், நான்காம் பத்தியின் ‘ஆ’ நெடில். இன்றைய உச்சரிப்பில் முதல் பத்தி உயிர் ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவே ஒலிக்கும். இரண்டாவது குறிப்பு: தமிழ் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாததால், በ வரியை ‘அன்பு’ என்பதில் வரும் ப ஆகவும், ከ வரியை ‘பக்கம்’ என்பதில் வரும் க ஆகவும் படிக்க வேண்டும். ‘தங்கம்’ என்பதில் வரும் க-வுக்கு ገ என்று தனி வரி இருக்கிறது.

மூன்றாவது குறிப்பு ஆறாம் பத்திக்கு. அந்த உயிர் பல மொழிக்காரர்களுக்குத் தொல்லை தரும், தமிழருக்குத் தராது. ‘அது’, ‘பட்டு’ என்னும்போது இறுதியில் இதழ் குவியாமல் ஒலிக்கிறோமே, அந்தக் குற்றியலுகரம் ஏறக்குறைய அதே ஒலிதான். ஆனால் அதே எழுத்து சில இடங்களில் உயிரே இல்லாமல், புள்ளி வைத்த மெய்யாகவும் நிற்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

சீரான மூன்று பத்திகள்: 2, 3, 5

இந்த மூன்றையும் சேர்த்தே பழக வேண்டும், ஏனென்றால் மூன்றிலும் மாற்றம் எழுத்தின் வலப்பக்கத்தில் நடக்கிறது.

இரண்டாம் பத்தியில், வலது காலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு கோடு வலப்புறமாக நீளும்: ለ என்பது ሉ ஆகும், በ என்பது ቡ ஆகும். மூன்றாம் பத்தியில் அதே கோடு காலின் அடிக்கு இறங்கிவிடும்: ሊ, ቢ. ஐந்தாம் பத்தியில் அடியில் கோட்டுக்குப் பதிலாக ஒரு சிறு வளையம்: ሌ, ቤ. நடுவில் கோடு என்றால் ஊ, அடியில் கோடு என்றால் ஈ, அடியில் வளையம் என்றால் ஏ. ஒற்றைக்கால் எழுத்துக்கும் இதுவே. ተ என்ற த வரியில் ቱ, ቲ, ቴ என்று பார்த்தால், இருக்கும் ஒரே தண்டின் மீது அதே மூன்று குறிகளும் அதே மூன்று இடங்களில் வந்து அமர்கின்றன.

கால் இல்லாத உருண்டை எழுத்துகள் சில உண்டு. ዐ என்பது வெறும் வட்டம். தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் ஒரு மெய். ஊகாரத்துக்கு வட்டத்தின் பக்கவாட்டிலேயே கோடு ஒட்டும்: ዑ. ஆனால் அடியில் குறி வைக்க அடி வேண்டுமே! அதற்காக வட்டத்தின் கீழ் ஒரு சிறு தண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் கோட்டையோ வளையத்தையோ வைத்தார்கள்: ዒ, ዔ. ம வரியான መ-வும், வ வரியான ወ-வும் இந்த வகைதான்: ሚ, ሜ, ዊ, ዌ.

விலக்கு என்று சொல்லத்தக்கவை ர வரியும் ஃப வரியும். ረ, ፈ இரண்டுக்கும் நேராக நிற்கும் கால் இல்லை. அதனால் ሩ, ሪ, ፉ, ፊ ஆகியவற்றில் குறி சற்று இடம் மாறி ஒட்டும். இந்த நான்கையும் தனியாக எழுதிப் பார்த்துக்கொண்டால் மூன்று பத்திகளும் முடிந்தன; 78 கட்டங்கள் கைக்கு வந்துவிட்டன.

இங்கே வரும் பிழை ஒரே மாதிரியானது. சின்ன அச்சில் ቡ-வும் ቢ-யும் கலங்கித் தெரியும். கோடு இருப்பது கண்ணுக்குப் படும், அதன் உயரம் படாது. வேகமாக எழுதும்போது வளையம் நிரம்பிக் கோடாகிவிட்டால் ቤ-யும் ቢ ஆகிவிடும். எழுதும்போது கோட்டை உண்மையிலேயே நடுவிலும், உண்மையிலேயே அடியிலும் வைக்கப் பழகுவதுதான் வழி.

காலைப் பொறுத்த இரண்டு பத்திகள்: 4, 7

நான்காம் பத்தியிலும் ஏழாம் பத்தியிலும் குறி ஒட்டுவதைவிடக் காலின் நீளம்தான் முக்கியம். இரண்டு கால் எழுத்துகளைக் கவனியுங்கள். ஆகாரத்துக்கு வலது கால் நீண்டு, இடது கால் குட்டையாகும்: በ, ባ. ஓகாரத்துக்கு அதற்கு நேர்மாறு; இடது கால் நீளும், வலது கால் குட்டையாகும்: ቦ. ச வரியில் ሳ, ሶ. த-வின் மெல்லொலி வரியான ደ-வில் ዳ, ዶ. ஆகாரத்துக்கு வலது கால், ஓகாரத்துக்கு இடது கால் என்று பதிந்துவிட்டால் போதும். புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது இந்த இணையில்தான், ஏனென்றால் இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கும்.

ஒற்றைக்கால் எழுத்தில் நீட்டவோ குறைக்கவோ இன்னொரு கால் இல்லை. அங்கே ஆகாரத்துக்குத் தண்டின் அடி இடப்புறமாக வளையும்: ተ என்பது ታ ஆகும், ቀ என்பது ቃ ஆகும். உருண்டை எழுத்துகளுக்கு முன்பு சொன்ன அதே தண்டு தொங்கும், குறி இல்லாமல்: ዓ, ማ, ዋ. ஓகாரத்துக்குப் பல எழுத்துகளில் மேல்பகுதியில் ஒரு சிறு வளையம் வரும்: ሎ, ቆ, ኖ. ல வரிக்கு இரண்டு கால் இருந்தும் ஓகாரத்தில் அது காலை நீட்டாமல் வளையத்தையே எடுத்துக்கொள்வதைக் கவனிக்கலாம். ஏழாம் பத்தியில் எந்த எழுத்து காலை நீட்டும், எந்த எழுத்து வளையம் அணியும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு சொல்லைப் படிப்போம். பாறையைக் குடைந்து செய்த தேவாலயங்களுக்குப் பெயர்பெற்ற ஊர், 1978இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது: ላሊበላ. முதல் எழுத்து ல வரி. வலது கால் நீண்டிருக்கிறது, ஆகவே லா. இரண்டாவதும் ல வரி; அடியில் கோடு, லி. மூன்றாவது ப வரி, எந்த மாற்றமும் இல்லை, ப. நான்காவது மறுபடி லா. லாலிபலா; இன்றைய நாவில் லாலிபெலா. ஒரே மெய் மூன்று இடத்தில் வந்து, பத்தியால் மட்டும் வேறுபடுகிறது.

பத்தி மாறினால் பொருள் மாறும்

பத்திகளை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்? கீஸ் செமிட்டிக் குடும்பத்து மொழி. அங்கே சொல்லின் வேர் மெய்களில் இருக்கிறது, இலக்கணம் பெரும்பாலும் உயிர்களில் ஓடுகிறது. ந, க, ர என்ற மூன்று மெய்கள் சேர்ந்தால் ‘சொல்லுதல்’ என்ற கருத்து. இதில் க என்பது ‘தங்கம்’ என்பதில் வரும் மெல்லிய க. யார் சொன்னார் என்பதைப் பத்தி சொல்லும்.

ነገረ என்று மூன்று எழுத்துகளும் முதல் பத்தியில் நின்றால் ‘நகர’: அவன் சொன்னான். கடைசி எழுத்தை மட்டும் இரண்டாம் பத்திக்குத் தள்ளினால் ነገሩ, நகரு: அவர்கள், ஆண்கள், சொன்னார்கள். அதையே நான்காம் பத்திக்குத் தள்ளினால் ነገራ, நகரா: அவர்கள், பெண்கள், சொன்னார்கள். முதல் இரண்டு எழுத்துகள் அசையவே இல்லை. ர வரியில் எந்தக் கட்டம் என்பதில்தான் ஒருமை பன்மையும், ஆண்பால் பெண்பாலும் அடங்கியிருக்கின்றன.

இன்னும் அழகானது முன்னிலையும் தன்மையும். ነገርከ, நகர்க: நீ சொன்னாய், கேட்பவர் ஆண். ነገርኪ, நகர்கி: நீ சொன்னாய், கேட்பவர் பெண். ነገርኩ, நகர்கு: நான் சொன்னேன். வேற்றுமை எல்லாம் க வரியின் மூன்று கட்டங்களில் இருக்கிறது: ከ, ኪ, ኩ. கோடு காலின் நடுவில் இருந்தால் நான். அடிக்கு இறங்கினால் ஒரு பெண்ணிடம் பேசுகிறேன். கோடே இல்லாவிட்டால் ஓர் ஆணிடம் பேசுகிறேன். முன்னே ቡ-வையும் ቢ-யையும் கலக்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

அடங்காத ஆறாம் பத்தி

மேற்கண்ட சொற்களில் ர் என்று படித்த எழுத்து ር. அது ஆறாம் பத்தி. பலகையில் மிக அதிகம் பயன்படும் பத்தியும் இதுவே, விதிக்கு அடங்காத பத்தியும் இதுவே.

வடிவத்தில் முதலில் பார்ப்போம். ஒவ்வொரு எழுத்தும் தன் போக்கில் மாறுகிறது. ብ-வில் இடது காலின் பக்கத்தில் ஒரு முளை வருகிறது. ዕ-வில் வட்டத்தின் தலையில் வருகிறது. ር, ት, ን, ም என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பொதுவான அடையாளம் எதுவும் கண்ணில் படாது. தமிழில் கு, டு, மு, நு என்று உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறுவதை நாம் சின்ன வயதில் விதி கேட்காமல் பழகிக்கொண்டோம். இதையும் அப்படியே பழக வேண்டும். 26 எழுத்துகளை மட்டும் தனியாக எழுதிப் பார்ப்பதுதான் குறுக்கு வழி.

ஒலியில் வரும் சிக்கல் வேறு. ஒரே எழுத்து உயிருள்ளதாகவும் இருக்கலாம், உயிரற்ற மெய்யாகவும் இருக்கலாம். நம் புள்ளியைப் போல அதைப் பிரித்துக் காட்டும் குறி கீஸில் இல்லை. படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று வழிகாட்டிகள் உதவும். சொல்லின் முதலில் வந்தால் உயிர் உண்டு, ஏனென்றால் கீஸ் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. சொல்லின் கடைசியில் வந்தால் உயிர் இல்லை. நடுவில் இரண்டு ஆறாம் பத்தி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மெய்யாக நின்று முந்தைய அசையை மூடும், இரண்டாவது உயிர் பெறும்.

இதைச் சோதிக்க அதே வேரிலிருந்து ஒரு சொல்: ይንግር, ‘அவன் சொல்லட்டும்’. நான்கு எழுத்து, நான்கும் ஆறாம் பத்தி. ய வரியான ይ முதலில் இருப்பதால் உயிர் பெறும். நடுவில் ን, ግ இரண்டும் அடுத்தடுத்து; ን மெய்யாக நிற்கும், ግ உயிர் பெறும். ር கடைசி, ஆகவே மெய். யுன்-குர் என்று, இரண்டு உகரத்தையும் குற்றியலுகரமாக ஒலிக்க வேண்டும்.

இப்போது இரண்டாம் எழுத்தை மட்டும் முதல் பத்திக்கு மாற்றிப் பாருங்கள்: ይነግር, ‘அவன் சொல்கிறான்’. யு-நக்-குர். இங்கே க இரட்டித்து ஒலிக்கிறது. எழுத்திலோ ஒரே ஒரு ግ தான். ஒற்று இரட்டிப்பதையும் கீஸ் எழுத்து காட்டாது. இந்த வடிவத்தில் இரட்டிக்கும் என்று இலக்கணம் தெரிந்தவருக்குத்தான் அது கேட்கும். அம்ஹாரிக்கிலும் இதே நிலைதான். ገና என்ற எழுத்துகளை ஒற்றை ந-வோடு படித்தால் ‘இன்னும்’. ந்ந என்று அழுத்திப் படித்தால் கிறிஸ்துமஸ். எழுத்து ஒன்று, இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான்.

அரசனும் அரசர்க்கரசனும்

ஆறாம் பத்திக்கும் முதல் பத்திக்கும் இடையே கீஸில் ஒரு நிரந்தரப் போக்குவரத்து உண்டு. ‘இன்னாருடைய’ என்ற உறவைச் சொல்ல, உடைமைப் பொருளின் கடைசி எழுத்தை ஆறிலிருந்து ஒன்றுக்கு நகர்த்துவார்கள். ንጉሥ, நுகுஸ் என்றால் அரசன். பத்திகள் 6, 2, 6. கடைசி ሥ-ஐ முதல் பத்தியின் ሠ ஆக்கினால் ንጉሠ, நுகுஸ: ‘இன்னாருடைய அரசன்’. பக்கத்தில் ‘அரசர்கள்’ என்ற ነገሥት சேர்ந்தால் ንጉሠ ነገሥት, ‘நுகுஸ நகஸ்த்’, அரசர்களின் அரசன். எத்தியோப்பியப் பேரரசர்களின் பட்டம் அது. இரண்டாம் சொல்லின் முடிவில் ሥ, ት இரண்டுமே மெய்யாக நிற்பதையும் பாருங்கள். சொல்லின் ஈற்றில் இப்படி இரட்டை மெய் வருவது உண்டு.

அந்தப் பட்டத்தை 1930 முதல் 1974 வரை தாங்கியவரின் பெயரும் இதே அமைப்பில் உள்ளது: ኃይለ ሥላሴ. ኃይል என்றால் வல்லமை. அதன் கடைசி ል முதல் பத்திக்குப் போய் ለ ஆனதால் ‘இன்னாருடைய வல்லமை’. ሥላሴ என்பது திரித்துவம். பத்தி எண்களைப் போட்டால் 4, 6, 1. 6, 4, 5. ஹாய்ல ஸுல்லாஸே என்று படிக்க வேண்டும். ல இரட்டிப்பதை இங்கேயும் எழுத்து சொல்லவில்லை. நாம் செய்தித்தாளில் ஹெய்லி செலாசி என்று படித்தவர் இவர்தான்.

இந்தப் பெயரின் முதல் எழுத்து இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. பலகையில் ஹ போன்ற ஒலிக்கு மூன்று வரிகள் உண்டு: ሀ, ሐ, ኀ. ச-வுக்கு ሠ, ሰ என இரண்டு. பழைய கீஸில் இவை வெவ்வேறு ஒலிகள். அம்ஹாரிக் நாவில் அவை ஒன்றாகிவிட்டன. எழுத்தில் மட்டும் பிரிந்தே நிற்கின்றன. கூடவே ஹ வரிகளில் முதல் பத்திக்கும் நான்காம் பத்திக்கும் உச்சரிப்பு வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே ஒரே பெயரை ஒருவர் ኃ போட்டு எழுதுவார், இன்னொருவர் ሃ போட்டு எழுதுவார். புதியவர் இதைக் கண்டு தான் பலகையைத் தவறாகப் படித்ததாக நினைத்துக் குழம்பத் தேவையில்லை.

பலகையின் ஓரத்தில் இன்னும் சில எழுத்துகள் ஒதுங்கி நிற்கும்: ቈ, ኈ, ኰ, ጐ. இதழைக் குவித்துச் சொல்லும் க்வ போன்ற ஒலிகள். இவற்றுக்கு ஏழு பத்தி கிடையாது, ஐந்துதான். இதழ் ஏற்கெனவே குவிந்திருப்பதால் ஊ, ஓ இரண்டுக்கும் தனி வடிவம் இல்லை. நான்கு மெய்க்கு ஐந்து வீதம் 20. 182-ஓடு சேர்த்து 202.

குறுக்கே படிக்கும் பயிற்சி

தேவாலயப் பள்ளி மரபில் பலகையை வரியாகவும் பத்தியாகவும் ஒப்பித்து முடித்ததும் பிள்ளைகளுக்கு இன்னொரு பலகை வைப்பார்கள். அதில் மெய்களின் வரிசை வேறு, ஹீப்ரு நெடுங்கணக்கின் வரிசை. ஒவ்வொரு மெய்யும் அடுத்தடுத்த பத்தியில் நிற்கும். முதல் வரி இப்படிப் போகும்: አ ቡ ጊ ዳ ሄ ው ዞ. ஒன்றாம் பத்தி அ, இரண்டாம் பத்தி பு, மூன்றாம் பத்தி கி, நான்காம் பத்தி தா, ஐந்தாம் பத்தி ஹே, ஆறாம் பத்தி வ், ஏழாம் பத்தி ஸோ. பலகையில் மூலைவிட்டமாக இறங்கிப் போவதற்குச் சமம் இது.

இந்தப் பயிற்சியில் பாட்டுப்போல ஒப்பிக்கும் வழக்கம் உடைந்துவிடும். ለ, ሉ, ሊ, ላ என்று ஓட்டத்தில் சொல்லும் பிள்ளைக்கு ሌ-யைத் தனியாகக் காட்டினால், முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்துதான் சொல்ல முடியும். அபுகிதா பலகையில் எண்ணிக்கொண்டு வர முடியாது. மெய்யை ஒரு பார்வையிலும் குறியை மறு பார்வையிலும் பிரித்தறிந்தே ஆக வேண்டும். அதன் முதல் நான்கு எழுத்துகளான அபுகிதா என்பதையே, மெய்யோடு உயிரைச் சேர்த்து எழுதும் எழுத்துமுறைகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக 1990இல் மொழியறிஞர் பீட்டர் டேனியல்ஸ் எடுத்துக்கொண்டார். தமிழும் இந்தி மொழியின் தேவநாகரியும் அந்த வகையில் வருகின்றன.

வீட்டில் தானாகக் கற்பவரும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். முதலில் 26 மூல வடிவங்கள். பிறகு 2, 3, 5 பத்திகள் ஒன்றாக. பிறகு 4, 7 இணையாக, கால் வலமா இடமா என்று கேட்டுக்கொண்டே. கடைசியாக ஆறாம் பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் படிக்க வேண்டும்.

அதன்பின் அகராதியைத் திறக்கும்போது பலகை தலைகீழாக வேலை செய்யும். ஜெர்மானிய அறிஞர் ஆகுஸ்ட் தில்மன் 1865இல் வெளியிட்ட கீஸ் அகராதி வேர்ச்சொல் வாரியாக அமைந்தது. அதில் ንጉሥ என்ற சொல்லை அப்படியே தேடினால் கிடைக்காது. ን-ஐ முதல் பத்திக்குக் கொண்டுபோனால் ነ. ጉ-வைக் கொண்டுபோனால் ገ. ሥ-ஐக் கொண்டுபோனால் ሠ. ந, க, ஸ என்ற அந்த மூன்று மெய்களின் கீழே ‘ஆளுதல்’ என்ற வேரும், அதன் பிள்ளைகளாக அரசனும் அரசர்களும் ஆட்சியும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எசானாவின் முந்தைய கல்வெட்டை வெட்டியவர் இந்தச் சொல்லை எழுதியிருந்தால் அந்த மூன்று மெய்களைத்தான் எழுதியிருப்பார்.